தினம் 1.5 ஜிபியில் அலுவலகக் கணினி: டேட்டா எங்கே போகிறது, எப்படி மிச்சம் பிடிப்பது?

தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்துகொண்டு, திருநெல்வேலியில் உள்ள ஆடிட்டர் அலுவலகம் ஒன்றுக்கு வேலை பார்க்கும் ஒரு கணக்கரை எடுத்துக்கொள்வோம். டேலியும் எல்லாக் கணக்குகளும் அலுவலகக் கணினியில் இருக்கின்றன. வீட்டில் இருப்பது ஒரு மடிக்கணினி, தினம் 1.5 ஜிபி தரும் ரீசார்ஜ் போட்ட ஒரு செல்போன். அந்தத் தெருவுக்கு ஃபைபர் இணைப்பு இன்னும் வரவில்லை. காலையில் போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, விண்டோஸில் உள்ள ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அலுவலகக் கணினிக்குள் நுழைகிறார். வவுச்சர்களைப் போடுகிறார், நடுவில் ஜிஎஸ்டி தளத்தைப் பார்க்கிறார், சில பில்களை அச்சடிக்கிறார். சாயங்காலத்துக்குள் திரை தடுமாற ஆரம்பிக்கிறது. "சார், இன்னைக்கு டேட்டா தீர்ந்துபோச்சு. மிச்ச என்ட்ரியை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேலதான் போட முடியும்" என்று அலுவலகத்துக்குப் போன் போகிறது.

அவர் படம் பார்க்கவில்லை, பாட்டுக் கேட்கவில்லை. பார்த்ததெல்லாம் எண்களும் பெயர்களும்தான். அப்படியிருக்க 1.5 ஜிபி எங்கே போனது? "ரிமோட்டில் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு டேட்டா ஆகும்?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. ஆனால் அதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. ஒரே இணைப்பில் ஒரு மணி நேரத்துக்கு 1 எம்பிகூட ஆகாமல் இருக்கலாம். 2,000 எம்பிக்கு மேலும் ஆகலாம். எத்தனை மணி நேரம் இணைந்திருந்தோம் என்பதைவிட, அந்த நேரத்தில் திரை எவ்வளவு மாறியது என்பதே செலவைத் தீர்மானிக்கிறது. இது புரிந்துவிட்டால் கணக்கும் எளிது, சிக்கனமும் எளிது.

மாறுவது மட்டுமே வரும்

முழு எச்டி திரையில் அகலவாக்கில் 1,920, உயரவாக்கில் 1,080 என மொத்தம் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. ஒரு புள்ளியின் நிறத்துக்கு 4 பைட் என்று வைத்தால், ஒரு முழுத் திரையை அப்படியே அனுப்ப 8 எம்பிக்கு மேல் ஆகும். அதை நொடிக்குப் பலமுறை அனுப்பினால் ஒரு நாளைய டேட்டா சில நிமிடங்கள்கூடத் தாங்காது. அதனால் ரிமோட் டெஸ்க்டாப் அப்படிச் செய்வதில்லை. அலுவலகக் கணினியின் திரையில் எந்தப் பகுதி மாறியதோ அதை மட்டும் எடுத்து, சுருக்கி, உங்களுக்கு அனுப்புகிறது. ஏற்கெனவே அனுப்பிய ஐகான், பொத்தான் போன்ற படத்துண்டுகளை உங்கள் மடிக்கணினியிலேயே சேமித்து வைத்துக்கொண்டு மறுபடி பயன்படுத்தவும் அதற்குத் தெரியும்.

டேலியில் ஒரு தொகையைத் தட்டும்போது அந்தச் சின்னக் கட்டம் மட்டும்தான் மாறுகிறது. சில நூறு பைட்களில் வேலை முடிந்துவிடும். அதே திரையில் பிரவுசரைத் திறந்து ஒரு பக்கத்தை மேலும் கீழும் உருட்டினால், ஒவ்வொரு அசைவிலும் திரை முழுக்க மாறுகிறது. ஏறக்குறைய ஒரு வீடியோவைப் போல அது உங்களுக்கு வந்து சேர்கிறது. பக்கத்தின் ஓரத்தில் ஆடும் விளம்பரம் ஒன்று இருந்தால், நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் டேட்டா போய்க்கொண்டே இருக்கும். இந்தப் பக்கமிருந்து போகும் விசைத் தட்டலும் மவுஸ் அசைவும் மிகச் சொற்பம். செலவு முழுக்கத் திரை வரும் திசையில்தான்.

இந்த வித்தியாசத்துக்கு மைக்ரோசாஃப்ட் தன் ஆவணங்களில் தரும் உத்தேச எண்களே நல்ல சான்று. முழு எச்டி திரையில், எதுவும் அசையாமல் சும்மா இருக்கும்போது 0.3 கேபிபிஎஸ், வேர்டில் வேலை செய்தால் 100 முதல் 150 கேபிபிஎஸ், எக்செலில் 150 முதல் 200 கேபிபிஎஸ், ஆனால் இணையப் பக்கங்களைப் பார்த்தால் 6 முதல் 6.5 எம்பிபிஎஸ். எக்செலுக்கும் பிரவுசருக்கும் நடுவே முப்பது மடங்கு இடைவெளி இருக்கிறது.

0.45 என்ற ஒரே எண்

வேகத்தை டேட்டாவாக மாற்ற ஒரு எண்ணை மனதில் வைத்தால் போதும். கேபிபிஎஸ் என்பது நொடிக்கு எத்தனை ஆயிரம் பிட் என்று சொல்கிறது. 8 பிட் ஒரு பைட். ஒரு மணி நேரத்துக்கு 3,600 நொடி. 3,600-ஐ 8-ஆல் வகுத்து, ஆயிரத்தாலும் வகுத்தால் 0.45. ஆகவே கேபிபிஎஸ் எண்ணை 0.45-ஆல் பெருக்கினால், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை எம்பி என்பது வந்துவிடும்.

எக்செல் வேலைக்கு 200 கேபிபிஎஸ் என்றால் மணிக்கு 90 எம்பி. இணையப் பக்கங்களுக்கு 6,000 கேபிபிஎஸ் என்றால் மணிக்கு 2,700 எம்பி. சும்மா இருக்கும் இணைப்புக்கு மணிக்கு 0.14 எம்பிதான். சாப்பிடப் போகும்போது இணைப்பைத் துண்டித்தே ஆக வேண்டும் என்று பலர் பதறுகிறார்கள். திரையில் எதுவும் அசையாவிட்டால் அந்தப் பதற்றம் தேவையில்லை.

இப்போது நம் கணக்கரின் ஒரு நாளைப் போட்டுப் பார்ப்போம். டேலி என்ட்ரியை எக்செல் வேலைக்குச் சமமாக வைத்துக்கொள்ளலாம். நான்கு மணி நேரம், மணிக்கு 90 எம்பி வீதம் 360 எம்பி. அலுவலகக் கணினியின் பிரவுசரிலேயே ஜிஎஸ்டி தளத்தையும் வங்கித் தளத்தையும் 40 நிமிடம் பார்க்கிறார். அதில் பாதி நேரம் நின்று படிப்பதில் போகும் என்று கழித்தாலும், திரை ஓடிக்கொண்டிருப்பது 20 நிமிடம். அதற்கு 900 எம்பி. அலுவலக டேலியிலிருந்து வீட்டு பிரின்டருக்கு 20 பக்கங்களை அனுப்புகிறார். அச்சுக்குப் போகும் கோப்பு பிடிஎஃபைவிடப் பெரிதாக இருக்கும். பக்கத்துக்கு 3 எம்பி என்று வைத்தால் 60 எம்பி. இவற்றோடு மடிக்கணினியும் போனும் பின்னணியில் தாமாக எடுத்துக்கொள்வது ஒரு 250 எம்பி. மொத்தம் 1,570 எம்பி. நாளின் வரம்பு 1,500.

பட்டியலில் எது பெரிது என்று பாருங்கள். நான்கு மணி நேர டேலி வேலை மொத்தத்தில் கால் பங்குகூட இல்லை. 40 நிமிட பிரவுசர்தான் பாதிக்கு மேல் விழுங்கியிருக்கிறது. டேட்டா தீர்ந்ததும் "டேலியைக் குறைவாகத் திறக்க வேண்டும்" என்று முடிவெடுப்பவர் தவறான இடத்தில் கையை வைக்கிறார்.

உங்கள் வேலைக்கு உங்கள் அளவு

மேலே போட்டது உத்தேசக் கணக்கு. உங்கள் திரை, உங்கள் மென்பொருள், நீங்கள் வேலை செய்யும் வேகம் எல்லாம் வேறாக இருக்கும். அரை மணி நேரம் ஒதுக்கினால் உங்களுக்கான எண்ணை நீங்களே எடுத்துவிடலாம். மடிக்கணினியில் பவர்ஷெல்லைத் திறந்து இந்த ஒரு வரியைத் தட்டுங்கள்:

```
Get-NetAdapterStatistics
```

ஒவ்வோர் இணைப்பு வழியாகவும் எத்தனை பைட் வந்தது, எத்தனை பைட் போனது என்று ReceivedBytes, SentBytes என்ற தலைப்புகளின் கீழ் காட்டும். ஹாட்ஸ்பாட்டை வைஃபையில் பிடித்திருந்தால் Wi-Fi என்ற வரியைப் பாருங்கள். போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்திருந்தால் அது Ethernet என்று தொடங்கும் வேறொரு வரியாக வரும். விபிஎன் போட்டிருந்தால் அதற்கும் தனி வரி இருக்கலாம். ஆனால் அதே டேட்டாதான் இரண்டு இடத்திலும் தெரிகிறது, எனவே இரண்டையும் கூட்டாதீர்கள். மற்ற புரோகிராம்களை மூடிவிட்டு, இந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, அரை மணி நேரம் வழக்கமான என்ட்ரி வேலையை மட்டும் செய்யுங்கள். கணினியை இடையில் ரீஸ்டார்ட் செய்தால் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கக்கூடும், அதை மட்டும் தவிர்க்க வேண்டும்.

தொடங்கும்போது ReceivedBytes 512000000 என்றும் முடிக்கும்போது 557000000 என்றும் இருந்தால், வித்தியாசம் 4.5 கோடி பைட், அதாவது 45 எம்பி. அரை மணிக்கு 45 என்றால் மணிக்கு 90 எம்பி. SentBytes வித்தியாசத்தையும் இதோடு கூட்டிக்கொள்ளுங்கள். மேலே போகும் டேட்டாவையும் செல்போன் நிறுவனம் கணக்கில் சேர்க்கிறது. இதே சோதனையைப் பிரவுசர் வேலைக்கு ஒருமுறை தனியாகச் செய்தால், உங்கள் நாளுக்கான இரண்டு முக்கிய எண்களும் கையில் வந்துவிடும். பிறகு எந்த நாளின் வேலையையும் முன்கூட்டியே கணக்குப் போடலாம். பத்து சதவீதம் கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது. விபிஎன் ஒவ்வொரு பொட்டலத்தோடும் தன் பங்குக்குச் சில பைட்களைச் சேர்க்கும். அதற்காக விபிஎன் இல்லாமல் அலுவலகக் கணினியை நேரடியாக இணையத்தில் திறந்துவிடுவது ஆபத்தான சிக்கனம். அதை மட்டும் செய்யாதீர்கள்.

கையை எடுத்துப் பார்க்கும் சோதனை

வேலைக்கு நடுவே டேட்டா எங்கோ கசிகிறது என்ற சந்தேகம் வந்தால் இதைச் செய்து பாருங்கள். மடிக்கணினியின் டாஸ்க் மேனேஜரில் Performance பகுதியில் வைஃபையைத் தேர்ந்தெடுங்கள். அங்கே Receive என்ற எண் நொடிக்கு நொடி மாறும். ரிமோட் திரை திறந்திருக்கும்போதே விசைப்பலகையிலிருந்தும் மவுஸிலிருந்தும் கையை எடுத்துவிடுங்கள். அந்த எண் சில நொடிகளில் பூஜ்யத்தை ஒட்டி இறங்க வேண்டும். நூற்றுக்கணக்கான கேபிபிஎஸ்ஸிலேயே நின்றால் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது.

அது அங்கே ஓடுகிறதா, இங்கே ஓடுகிறதா என்று அடுத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். ரிமோட் டெஸ்க்டாப் ஜன்னலை மினிமைஸ் செய்யுங்கள். விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப், மினிமைஸ் ஆனவுடன் "திரையை அனுப்ப வேண்டாம்" என்று அலுவலகக் கணினிக்குத் தகவல் சொல்லிவிடும். மினிமைஸ் செய்ததும் எண் விழுந்துவிட்டால், குற்றவாளி அலுவலகத் திரையில் இருக்கிறது: ஆடும் விளம்பரம், ஓடும் வீடியோ, சுழன்றுகொண்டே இருக்கும் ஏதோ ஓர் அடையாளம். எண் விழாமல் அப்படியே நின்றால் உங்கள் மடிக்கணினிதான் எதையோ இறக்கிக்கொண்டிருக்கிறது. அப்போது `resmon` என்று தட்டி ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து Network பகுதியைப் பார்த்தால் எந்தப் புரோகிராம் எவ்வளவு எடுக்கிறது என்பது பெயரோடு தெரியும். `mstsc.exe` என்பது ரிமோட் டெஸ்க்டாப். `OneDrive.exe` மேலே இருந்தால் கோப்புகள் ஒத்திசைந்துகொண்டிருக்கின்றன. `svchost.exe` மேலே இருந்தால் பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட்.

இதிலிருந்தே ஒரு நல்ல பழக்கம் கிடைக்கிறது. வேறு வேலைக்குப் போகும்போது ரிமோட் ஜன்னலின் மேல் இன்னொரு ஜன்னலைத் திறந்து மறைத்தால் போதாது. உங்கள் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அந்தத் திரை வந்துகொண்டே இருக்கலாம். மினிமைஸ் செய்வதுதான் பாதுகாப்பு.

அசையும் திரை இங்கே, கனமான கோப்பு அங்கே

சிக்கனத்தின் பெரும்பகுதி இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. திரையை அசைக்கும் வேலையை வீட்டு மடிக்கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கோப்புகளை அலுவலகக் கணினியிலேயே விட்டுவிடுங்கள்.

முதலில் பிரவுசர். ஜிஎஸ்டி தளத்தை அலுவலகக் கணினியில் திறந்தால், நீங்கள் உருட்டும் ஒவ்வொரு முறையும் திரை வீடியோவாக வருகிறது. அதையே வீட்டு மடிக்கணினியின் பிரவுசரில் திறந்தால் பக்கம் ஒருமுறை இறங்கும். அதன் பிறகு எவ்வளவு உருட்டினாலும் செலவு இல்லை. பக்கத்துக்கு 3 எம்பி என்று தாராளமாக வைத்து, 40 பக்கம் பார்த்தாலும் 120 எம்பிதான். டேலியிலிருந்து எடுத்த ரிட்டர்ன் கோப்பைத் தளத்தில் ஏற்ற வேண்டுமென்றால், அந்தச் சின்னக் கோப்பை காப்பி, பேஸ்ட் மூலம் வீட்டுக்குக் கொண்டுவந்து இங்கிருந்தே ஏற்றலாம். ரிமோட் டெஸ்க்டாப் வழியாகக் கோப்பை நகலெடுத்தால் அதன் முழு எடையும் உங்கள் டேட்டாவில் ஏறும். சில நூறு கேபி உள்ள கோப்புக்கு அது ஒரு பொருட்டில்லை.

ஆனால் டேலியின் பேக்கப் கோப்பு 400 எம்பி இருந்தால் கதை வேறு. அதை வீட்டுக்கு இழுத்தால் அன்றைய டேட்டாவில் கால் பங்குக்கு மேல் ஒரே மூச்சில் போய்விடும். அதை அலுவலகக் கணினியிலிருந்தே கிளவுடில் ஏற்றி அனுப்புங்கள். அந்தச் செலவு அலுவலகத்தின் பிராட்பேண்டில் ஏறும். உங்களுக்கு வருவது, நகரும் முன்னேற்றப் பட்டையின் படம் மட்டுமே. அது போய்க்கொண்டிருக்கும்போது ஜன்னலை மினிமைஸ் செய்துவிட்டால் அதுவும் வராது. வாடிக்கையாளர் அனுப்பிய பெரிய ஸ்கேன் கோப்புகளை இறக்குவதற்கும் இதே வழிதான்.

அடுத்து அச்சு. வீட்டு பிரின்டரை ரிமோட்டோடு இணைத்து அங்கிருந்து நேராக அச்சடித்தால், அச்சுக்குரிய கனமான கோப்பு இணைப்பு வழியாக வருகிறது. அதற்குப் பதிலாக அலுவலக டேலியில் பில்லை பிடிஎஃபாகச் சேமித்து, அந்தச் சிறிய கோப்பை நகலெடுத்து, வீட்டில் திறந்து அச்சடியுங்கள். எழுத்து மட்டும் உள்ள ஒரு பில்லின் பிடிஎஃப் பெரும்பாலும் சில நூறு கேபிக்குள் அடங்கும். அலுவலகத்திலேயே யாராவது காகிதத்தை எடுத்துத் தர முடியுமென்றால் அங்கேயே அச்சடித்துவிடலாம், செலவே இல்லை.

ரிமோட் டெஸ்க்டாப்புக்கு உங்கள் வரம்பு தெரியாது

ரிமோட் டெஸ்க்டாப் தொடங்கும்போது இணைப்பின் தரத்தைத் தானாகவே சோதித்து, அதற்கேற்ப அலங்காரங்களைக் கூட்டிக் குறைக்கும். ஆனால் அது சோதிப்பது வேகத்தை மட்டும்தான். குழாய் எவ்வளவு அகலம் என்று அதற்குத் தெரியும். தொட்டியில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று தெரியாது. 4ஜி சிக்னல் நன்றாக இருக்கும் நாளில், "நல்ல இணைப்பு" என்று எண்ணி எல்லா அலங்காரத்தையும் அது திறந்துவிடும். அதனால் நாம்தான் சொல்ல வேண்டும்.

இணைக்கும் ஜன்னலில் Show Options-ஐ அழுத்தினால் தாவல்கள் விரியும். Experience தாவலில் தானாகக் கண்டறிவதை விட்டுவிட்டு Low-speed broadband என்பதைத் தேர்ந்தெடுங்கள். டெஸ்க்டாப் பின்னணிப் படம், ஜன்னலை இழுக்கும்போது உள்ளடக்கம் தெரிவது, மெனு அசைவுகள் போன்றவை அணைந்துவிடும். அதே தாவலில் உள்ள Persistent bitmap caching மட்டும் டிக் செய்யப்பட்டிருக்க வேண்டும். ஒருமுறை வந்த படத்துண்டுகளை அடுத்த நாளும் மடிக்கணினியிலிருந்தே எடுத்துக்கொள்ள அது உதவும். Local Resources தாவலில் ஒலியை Do not play என்று மாற்றி, Printers டிக்கை எடுத்துவிடுங்கள். Display தாவலில் திரை அளவை 1280 × 720-க்குக் குறையுங்கள். 20.7 லட்சம் புள்ளிகள் 9.2 லட்சமாகின்றன, திரை முழுக்க மாறும் ஒவ்வொரு முறையும் பாதிக்கும் குறைவான பரப்பே வர வேண்டியிருக்கும்.

இவற்றை ஒரு கோப்பாகச் சேமித்து வைத்தால் தினமும் மாற்ற வேண்டியதில்லை. சேமித்த .rdp கோப்பை நோட்பேடில் திறந்தால் கீழ்க்கண்ட வரிகள் தெரியும். இல்லாவிட்டால் நீங்களே சேர்க்கலாம்:

```
desktopwidth:i:1280
desktopheight:i:720
audiomode:i:2
disable wallpaper:i:1
disable full window drag:i:1
disable menu anims:i:1
bitmapcachepersistenable:i:1
networkautodetect:i:0
connection type:i:2
redirectprinters:i:0
```

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். எழுத்து விளிம்புகளை மென்மையாக்கும் வசதியையும் அணைத்தால் இன்னும் கொஞ்சம் மிச்சமாகும். ஆனால் எழுத்துகள் கரடுமுரடாகி, தமிழ்ப் பெயர்களைப் படிக்கக் கண் வலிக்கும். நாள் முழுக்க எண் பார்ப்பவர்கள் அதை விட்டுவைப்பதே நல்லது. இன்னொன்று நிற ஆழம். 32 பிட்டை 16 பிட்டாகக் குறைத்தால் டேட்டா பாதியாகிவிடும் என்று பழைய குறிப்புகள் சொல்லும். இப்போதைய விண்டோஸில் புதிய சுருக்கும் முறைகள் 32 பிட்டில்தான் இயங்குகின்றன. 16 பிட்டுக்கு இறங்கினால் பழைய முறைக்குத் திரும்புகிறோம். எழுத்தும் கட்டமுமாக உள்ள டேலித் திரையில் அது லாபமாக இருக்கலாம், படங்கள் நிறைந்த திரையில் நஷ்டமாகவும் ஆகலாம். அரை மணி நேரச் சோதனையை இரண்டு அமைப்பிலும் ஒருமுறை செய்து, குறைவாக வருவதை வைத்துக்கொள்ளுங்கள்.

மடிக்கணினியின் சொந்தச் செலவு

ஹாட்ஸ்பாட்டை வீட்டு வைஃபை என்று எண்ணிக்கொண்டு விண்டோஸ் தன் அப்டேட்களை இறக்கத் தொடங்கினால், மற்ற எல்லாச் சிக்கனமும் வீண். Settings-இல் Network & internet-க்குள் போய், உங்கள் ஹாட்ஸ்பாட்டின் பண்புகளைத் திறந்து, Metered connection என்பதை ஆன் செய்யுங்கள். அதன் பிறகு விண்டோஸ் பெரும்பாலான அப்டேட்களைத் தானாக இறக்காது. ஒன்டிரைவும் ஒத்திசைவை நிறுத்திவைக்கும். இது அந்தந்த வைஃபை பெயருக்குத் தனித்தனியாகப் பதிவாகும். எனவே போனில் ஹாட்ஸ்பாட்டின் பெயரை மாற்றினாலோ, வீட்டில் இன்னொருவரின் போனிலிருந்து இணைத்தாலோ மறுபடி ஆன் செய்ய வேண்டும். தள்ளிப்போட்ட அப்டேட்களை அலுவலகத்துக்குப் போகும் நாளில் அங்குள்ள வைஃபையில் போட்டுவிடுங்கள். அவை பாதுகாப்புக்கு அவசியமானவை. போனிலும் வாட்ஸ்அப் வீடியோக்கள் மொபைல் டேட்டாவில் தானாக இறங்குவதை நிறுத்திவையுங்கள்.

இப்போது நம் கணக்கரின் நாளை மறுபடி கணக்குப் போடலாம். டேலி என்ட்ரி அதே நான்கு மணி நேரம், 360 எம்பி. அரசுத் தளமும் வங்கித் தளமும் வீட்டு பிரவுசரில், 120 எம்பி. பிடிஎஃப் நகல்கள் 5 எம்பி. பின்னணிச் செலவு 100 எம்பி. மொத்தம் 585, பத்து சதவீதம் கூட்டினால் ஏறத்தாழ 645 எம்பி. முன்பு 1,570 ஆன அதே வேலை இப்போது பாதி வரம்புக்குள் அடங்கிவிட்டது. இதில் Experience தாவலில் செய்த மாற்றங்களின் பலனை நான் சேர்க்கவே இல்லை. அவை குறைப்பது அந்த 360-க்குள் இருந்துதான். அமைப்புகளை மாற்றுவது பயன்தான். ஆனால் பிரவுசரை எந்தக் கணினியில் திறக்கிறோம் என்ற பழக்கமே பெரிய மிச்சத்தைத் தருகிறது.

தீர்ந்தபிறகு என்ன நடக்கிறது

தினசரி வரம்பு தீர்ந்தால் பெரும்பாலான திட்டங்களில் இணைப்பு நிற்பதில்லை. வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்குகிறது. 0.45-ஆல் பெருக்கினால் மணிக்கு 29 எம்பி. வவுச்சர் தட்டுவது மெதுவாக நடக்கும். ஒரு புதிய திரையைத் திறந்தால் அது துண்டு துண்டாக வந்து நிரம்பும். இது வரம்பு தீர்ந்ததாலா, சிக்னல் மோசமானதாலா என்று அறிய டாஸ்க் மேனேஜரின் Receive எண்ணைப் பாருங்கள். திரையை மாற்றும்போதெல்லாம் அது 60-ஐ ஒட்டி, கோடு போட்டதுபோல் நின்றால் வரம்பு தீர்ந்துவிட்டது. ஏறி இறங்கித் தடுமாறினால் பெரும்பாலும் சிக்னல் கோளாறு. போனை ஜன்னலோரம் வைத்துப் பார்க்கலாம். நிறுவனத்தின் செயலியில் மீதி டேட்டாவைப் பார்த்தும் உறுதிசெய்துகொள்ளலாம். டேட்டா மிச்சம் இருக்கும்போது சந்தேகத்துக்காக வேகச் சோதனைத் தளத்தைத் திறக்காதீர்கள். 50 எம்பிபிஎஸ் வேகத்தில் பத்து நொடி ஓடும் ஒரு சோதனை, இறக்கும் திசையில் மட்டும் 62 எம்பியைக் கரைத்துவிடும். அது நாற்பது நிமிட டேலி வேலைக்கு ஆகும் டேட்டா.

வேகம் இறங்கிய பிறகும் வேலை இருந்தால், திரையை உருட்டாமல், புதிய அறிக்கைகளைத் திறக்காமல், ஒரே என்ட்ரி திரையில் நின்று தட்டுவதே வழி. Experience தாவலில் Modem என்பதைத் தேர்ந்தெடுத்து மறுபடி இணைத்தால் கொஞ்சம் தேறும். என்ட்ரியை விட்டு அறிக்கை பார்க்க வேண்டிய வேலை என்றால், டேட்டா பூஸ்டர் வாங்குவதே நேரத்துக்கு மரியாதை.

ரிமோட்டுக்கு எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவற்றைப் பயன்படுத்துபவர்களுக்கும் இதே கணக்கு பொருந்தும். அமைப்புகளின் பெயர் மாறும். படத் தரத்தைவிட வேகத்துக்கு முன்னுரிமை தரும் ஓர் அமைப்பு அவற்றிலும் உண்டு. ஆனால் மினிமைஸ் செய்தால் திரை நிற்குமா என்பதை ஒவ்வொன்றிலும் நீங்களே சோதித்துப் பார்க்க வேண்டும்.

புதிய ரீசார்ஜுக்கு அல்லது அதிக டேட்டா உள்ள திட்டத்துக்குப் பணம் கட்டும் முன் ஒரு வேலை நாளை இதற்கு ஒதுக்குங்கள். என்ட்ரிக்கு அரை மணி, பிரவுசருக்கு அரை மணி என்று இரண்டு எண்களை எடுத்துக் காகிதத்தில் எழுதுங்கள். பிரவுசரை வீட்டுக் கணினிக்கு மாற்றி, Metered connection-ஐ ஆன் செய்து, மறுநாள் எவ்வளவு ஆகிறது என்று பாருங்கள். அப்படியும் வரம்பைத் தாண்டினால் பெரிய திட்டம் உங்களுக்கு உண்மையாகவே தேவை. தாண்டாவிட்டால் இப்போதுள்ள 1.5 ஜிபியே போதும்.